'காசி யாத்திரா' எங்கள் பெயர்தானே?

வாசகர் கடிதம்

"அப்பா 1998-இல் கும்பகோணத்தில் 'காசி யாத்திரா டூர்ஸ்' என்று ஆரம்பித்தார். முதலில் தெருவில் உள்ள பெரியவர்களை வேனில் நவகிரகக் கோயில்களுக்கு அழைத்துப் போவார். அப்புறம் காசி, கயா, பிரயாகை. கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். 'குடைக்கார சார்' என்றால்தான் ஊரில் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் உயில் எழுதாமல் தவறிவிட்டார். இப்போது நான்தான் நடத்துகிறேன். அம்மா என்னோடு இருக்கிறார், தம்பி சிங்கப்பூரில்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 'நியூ காசி யாத்திரா டூர்ஸ்' என்று ஒரு கடை வந்திருக்கிறது. எங்களைப் போலவே மஞ்சள் போர்டு. நோட்டீஸில் '1998 முதல்' என்று வேறு போட்டிருக்கிறார்கள். எங்களிடம் பலமுறை வந்த ஒரு மாமி அங்கே முன்பணம் கட்டிவிட்டு, லிஃப்ட் இல்லாத லாட்ஜில் மூன்றாவது மாடியில் தங்க வைத்தார்கள் என்று என்னிடம் வந்து சண்டை போட்டார். ஜிஎஸ்டி எங்கள் பெயரில்தான் இருக்கிறது, அதனால் பெயர் எங்களுடையதுதானே? ஒருவர் ஒரே வாரத்தில் ® வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என் மகன் விஸ்வநாதர் படத்தோடு புது லோகோ போட்டு, 'நூறு சதவீதப் பாதுகாப்பு, கீழ் பெர்த் உறுதி, டாக்டர் உடன் வருவார்' என்று எழுதியிருக்கிறான். 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்' என்று அந்தக் கடையின் பெயரைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றும் சொல்கிறான். என்ன செய்யட்டும்?"

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஃப்ளெக்ஸை நிறுத்தி வையுங்கள். ஒரு கடையின் பெயரைப் போட்டு 'போலி' என்று ஊரறிய எழுதினால், அவர்கள் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. இப்போது நியாயம் கேட்க வேண்டியவர் நீங்கள். ஒரு ஃப்ளெக்ஸால் பதில் சொல்ல வேண்டியவராக மாறிவிடாதீர்கள். 'எங்களுக்குக் கிளைகள் இல்லை, எங்கள் முகவரி இது, எண் இது' என்று உங்களைப் பற்றி மட்டும் எழுதி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஜிஎஸ்டி பதிவு வரி கட்டுவதற்கானது. அதில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும், அந்தப் பெயர் உங்களுக்கு மட்டுமே உரியது என்று அது சொல்வதில்லை. அந்தக் கடைக்காரரும் தன் பெயரில் ஒரு ஜிஎஸ்டி எண் வாங்கியிருப்பார். பெயருக்கான உரிமை இரண்டு வழிகளில்தான் வருகிறது. ஒன்று, 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின்படி செய்யும் டிரேட்மார்க் பதிவு. மற்றொன்று, பதிவே இல்லாவிட்டாலும் பல வருஷம் நாணயமாக நடத்தி மக்களிடம் சம்பாதித்த நற்பெயர். சட்டம் இதைக் குட்வில் என்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டாவது. அதன் பலமும் பலவீனமும் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பது விளங்கிவிடும்.

'காசி யாத்திரா'வில் எவ்வளவு பலம் இருக்கிறது?

இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். காசி ஊரின் பெயர். யாத்திரை நீங்கள் விற்கும் சேவை. டூர்ஸ் உங்கள் தொழில். மூன்றையும் சேர்த்தால் 'நாங்கள் காசிக்கு அழைத்துப் போகிறோம்' என்ற விவரம்தான் கிடைக்கிறதே தவிர, யார் அழைத்துப் போகிறார்கள் என்பது அதில் இல்லை. சேவையின் தன்மையையோ இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய 9(1)-ஆம் பிரிவு தடை போடுகிறது. நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தச் சொற்களைக் கேட்டவுடன் உங்கள் நிறுவனம்தான் நினைவுக்கு வருகிறது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. ஆனால் நாடு முழுக்கச் செல்லும் பதிவுக்கு அந்த நிரூபணம் கனமாக இருக்க வேண்டும். கும்பகோணத்திலும் சுற்று வட்டாரத்திலும் பெயர் பெற்ற ஒரு சிறு நிறுவனத்துக்கு அது எளிதல்ல.

2025-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. பல ஆண்டுகளாக நாடெங்கும் விளம்பரம் செய்துவரும் யாத்ரா ஆன்லைன் நிறுவனம், 'புக்மையாத்ரா' என்ற பெயருக்கு இடைக்காலத் தடை கேட்டது. யாத்ரா என்பது பயணச் சேவைக்குப் பொதுவாக வழங்கும் சொல் என்று கூறி நீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், 'யாத்திரா' என்ற சொல்லின் மேல் மட்டும் நின்றுகொண்டு நீங்கள் அந்தக் கடையை எதிர்க்க முடியாது. நாளைக்கு இன்னொருவர் 'கார்த்திகையில் காசி யாத்திரை' என்று நோட்டீஸ் அடித்தால் அதையும் தடுக்க முடியாது. தடுப்பது நியாயமும் இல்லை. 'சீனியர் டூர்ஸ்', 'மூத்தோர் பயணம்' போன்ற பெயர்களுக்கும் இதே கதிதான்.

இதனால் உங்கள் கை காலி என்று நினைத்துவிட வேண்டாம். பதிவில்லாத பெயருக்காகவும் வழக்குப் போடலாம் என்று 27(2)-ஆம் பிரிவு இடம் தருகிறது. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் வழக்கு அது. நீதிமன்றத்தில் பாஸிங் ஆஃப் என்பார்கள். அதில் மூன்றைக் காட்ட வேண்டும்: உங்களுக்கு நற்பெயர் இருக்கிறது, எதிராளி தன்னை நீங்கள் என்று நம்பும்படி நடந்துகொள்கிறார், அதனால் உங்களுக்கு இழப்பு. இந்த வழக்கில் நீதிமன்றம் பெயரை மட்டும் தனியே பார்க்காது. போர்டின் நிறம், எழுத்து, இடம், நோட்டீஸில் உள்ள வாசகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். போன வருஷம் திறந்த கடை '1998 முதல்' என்று எழுதியிருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சான்று. காசி என்ற ஊர் எல்லோருக்கும் பொது என்று அவர்கள் வாதாடலாம். 1998 என்ற வருஷம் எப்படி வந்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

உங்களிடம் சண்டை போட்ட மாமியும் உங்களுக்கு எதிரி அல்ல, முக்கியமான சாட்சி. குழப்பம் வரக்கூடும் என்று நாம் வாதிடுவதை விட, குழம்பிப் போய்ப் பணம் கட்டிய ஒருவர் வந்து சொல்வது பல மடங்கு எடை கொண்டது. அவர் சம்மதித்தால், எந்தத் தேதியில் எதைப் பார்த்து அந்தக் கடை உங்களுடையது என்று நம்பினார், எவ்வளவு கட்டினார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவருக்குக் கிடைத்த நோட்டீஸ் ஆகியவற்றின் நகலையும் சேர்த்து வையுங்கள். லாட்ஜ் விஷயத்தில் அவருக்கு ஏற்பட்ட குறைக்கு அவர் அந்தக் கடையின் மேல் நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் தரலாம். அதை நீங்கள் நடத்த வேண்டாம், வழி மட்டும் சொல்லுங்கள். இனி யாராவது மாறிப்போய் உங்களுக்குப் போன் செய்தால் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

முதலில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பலாம். பெயரையும் போர்டின் தோற்றத்தையும் மாற்ற வேண்டும், '1998 முதல்' என்பதை உடனே எடுக்க வேண்டும் என்று கேட்பது போதும். இத்தகைய கடைகள் பல சமயம் இந்தக் கட்டத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். அவசர இடைக்காலத் தடை கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போய் வர வேண்டியிருக்கும். தெரிந்தும் வருஷக்கணக்கில் சும்மா இருந்தவருக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை தரத் தயங்கும். ஆகவே இந்த நோட்டீஸை அடுத்த சீசன் வரை தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவின் பெயர் இப்போது யாருக்குச் சொந்தம்?

நீங்கள் கேட்காத கேள்வி இது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். கடை அப்பாவின் தனி உடைமையாக இருந்தது. உயில் இல்லை. அப்படியானால் அவர் சம்பாதித்த நற்பெயரும் வீடு, நகை போல ஒரு சொத்துதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் சமமாக வரும். அப்பாவைப் பெற்ற தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கடையை நீங்கள் நடத்துகிறீர்கள் என்பதால் மட்டும் அது உங்களுக்கே ஆகிவிடவில்லை. உங்கள் பெயரில் மட்டும் '1998 முதல் பயன்படுத்துகிறேன்' என்று விண்ணப்பம் போட்டால், 'நீங்கள் எப்படி உரிமையாளர்?' என்ற ஒரு கேள்வியில் அது தடுக்கி விழும்.

வாரிசுச் சான்றிதழ் எடுங்கள். அம்மாவும் தம்பியும் சம்மதித்தால், தொழிலின் நற்பெயர், வியாபாரப் பெயர், குடைச் சின்னம், தொலைபேசி எண் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். தம்பி சிங்கப்பூரில் இருந்தபடியே அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் சான்றளித்த அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். பங்கை விட மனமில்லை என்றால் மூவரும் கூட்டாக விண்ணப்பியுங்கள், அல்லது மூவரும் பங்குதாரர்களாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் இப்போது உறவு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். பெயருக்கு விலை ஏறிய பிறகு பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தொலைபேசி எண்ணை வேண்டுமென்றே சேர்த்தேன். எழுபது வயதுக்காரர் ஒருவர் உங்களை வெப்சைட்டில் தேடுவதில்லை. பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதி வைத்த எண்ணுக்குத்தான் போன் செய்கிறார். அந்த சிம் இன்னும் அப்பாவின் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றிதழைக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ரீசார்ஜ் விட்டுப்போய்ச் செயலிழந்த எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த வேறொருவர் யாராகவும் இருக்கலாம்.

மகன் வரைந்த லோகோவை விட, அப்பா பிடித்த குடை

விஸ்வநாதர் படம் வேண்டாம் என்பது என் கருத்து. சட்டத்தில் இரண்டு சிக்கல்கள். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவு செய்யக்கூடாது என்கிறது 9(2). கோயிலும் தெய்வமும் எல்லா யாத்திரைக் கடைகளின் போர்டிலும் இருப்பதால் அது உங்களைத் தனித்துக் காட்டவும் போவதில்லை. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயர் கேட்டு வந்த வழக்கில், புனித நூலின் பெயரைத் தன் சரக்குக்கென்று ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். லோகோ போர்டோடு நிற்காது. தோள்பை, தொப்பி, பெட்டியில் கட்டும் அட்டை, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாவற்றிலும் வரும். சுவாமி படம் போட்ட பையை ரயில் நடைமேடையில் செருப்புகளுக்கு நடுவே வைக்க உங்கள் பயணிகளில் எத்தனை பேருக்கு மனம் வரும்? படம் போட்ட பொட்டலத்தைக் குப்பையில் போடவும் கை கூசும்.

மஞ்சள் குடை அப்படியல்ல. அது பயணத்தை விவரிக்கும் சொல் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, தெய்வப் பெயரும் இல்லை. அதே சமயம் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அது யார் என்று தெரியும். கண் மங்கியவருக்கும் கூட்டத்தில் தெரியும் நிறம். போனில் சொன்னால் காது மந்தமானவருக்கும் பிடிபடும் சொல். தேடப்போன இடத்திலெல்லாம் கிடைக்காத பெயர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 'மஞ்சள் குடை' என்பதைப் பெரிதாகவும், கீழே 'காசி யாத்திரா டூர்ஸ், கும்பகோணம், 1998 முதல்' என்று சிறிதாகவும் போடுங்கள். பழைய பெயரைத் திடீரென்று கைவிட்டால் அது அந்தக் கடைக்கே லாபமாக முடியும். இரண்டு மூன்று சீசனுக்கு இரண்டும் சேர்ந்தே வரட்டும்.

முடிவெடுக்கும் முன் ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் தேடல் பக்கத்தில், பயணச் சேவைக்குரிய 39-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள். தமிழ்ச் சொல்லோடு நிறுத்தாமல் 'Manjal Kudai', 'Yellow Umbrella' என்றும், ஒலி ஒற்றுமை பார்க்கும் முறையிலும் தேட வேண்டும். அதே பொருள் தரும் பெயரை வேறொரு பயண நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்தால் இந்த யோசனையை மறுபடி எடைபோட வேண்டும். தடையேதும் இல்லையென்றால் சொல்லுக்கு ஒரு விண்ணப்பம், குடைப் படத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு ₹4,500. தமிழ் எழுத்தில் உள்ள சொல் என்பதால் அதன் ஆங்கில எழுத்து வடிவத்தையும் பொருளையும் சேர்த்துத் தர வேண்டும்.

விண்ணப்பத்தில் 'எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பழைய பெயரை 1998 முதல் பயன்படுத்தியதற்கு ரசீது, நோட்டீஸ், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கலாம். ஆனால் 'மஞ்சள் குடை' என்று இதுவரை எங்கும் அச்சடிக்கவில்லை என்றால், அதற்கு 1998 என்று எழுதக் கூடாது. 'இனி பயன்படுத்த உத்தேசம்' என்று போடுங்கள். முந்தைய பயன்பாடு கோரினால் அபிடவிட்டும் ஆதாரமும் கேட்பார்கள். பொய்த் தேதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான 1998-க்கும் மதிப்புப் போய்விடும். அந்தத் தேதியைப் பிறகு திருத்துவதும் கடினம். அப்பா குடை பிடித்து நிற்கும் பழைய குழுப் படங்கள் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். அவை இந்த விண்ணப்பத்துக்கு அல்ல, நாளை அந்தக் கடையும் ஒரு குடையைத் தூக்கினால் காட்டுவதற்கு.

® ஒரு வாரத்தில் வராது. ஆய்வு முடிந்து, இதழில் வெளியாகி, யாராவது ஆட்சேபிக்க 4 மாத அவகாசம் கொடுத்த பிறகே பதிவு. ஒரு வாரத்தில் கிடைப்பது விண்ணப்ப எண் மட்டும். அதை வைத்துக்கொண்டு ™ போடலாம். பதிவாகாத பெயருக்கு ® போட்டால் 107-ஆம் பிரிவின்படி அதுவே அபராதத்துக்குரியது. அந்த நபர் இந்த வித்தியாசம் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பதை விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கீழ் பெர்த் உறுதி என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. உங்கள் கையில் இல்லாத ஒன்றை உறுதி தருகிறீர்கள். ரயில்வேயின் மூத்தோர் கீழ் பெர்த் ஒதுக்கீடு ஆண்களுக்கு 60 வயதிலும் பெண்களுக்கு 45 வயதிலும் தொடங்குகிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ பயணித்தால்தான் அது பொருந்தும். ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் பதிவு செய்யும் ஏஜென்ட், அந்த ஒதுக்கீட்டைத் தன் கையாலேயே இழக்கிறார். ஆகவே 'இருவர் இருவராக, முன்பதிவு திறக்கும் நாளிலேயே மூத்தோர் ஒதுக்கீட்டில் பதிவு செய்கிறோம்' என்று எழுதுங்கள். அது உண்மை, உங்களால் செய்ய முடிந்தது, விவரம் தெரிந்த பெரியவர்களுக்கு அது 'உறுதி'யை விட நம்பிக்கை தரும்.

'டாக்டர் உடன் வருவார்' என்று எழுதிவிட்டு நர்ஸை அனுப்பினால் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரமும் ஆகும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். கீழே பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போடுவதும் காப்பாற்றாது. பெரிய எழுத்தில் சொன்னதைச் சிறிய எழுத்தில் மறுக்கக் கூடாது என்று 2022-இல் வந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்பதையும் எடுத்துவிடுங்கள். கங்கைப் படித்துறையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அந்த நோட்டீஸ்தான் உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக இருக்கும்.

அந்த இடத்தில் என்ன போடலாம் என்றால், முதியவரின் பிள்ளைகள் பணம் கட்டும் முன் கேட்கும் கேள்விகளுக்கான பதிலைப் போடுங்கள். சுவாமிமலையில் 60 படி. திருத்தணியில் 365 படி, ஆனால் வண்டி மேலே போகும். காசியில் விஸ்வநாதர் கோயில் சந்துகளுக்குள் நம் வண்டி போகாது. இறங்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடை என்பதை நீங்களே நடந்து பார்த்து எழுதுங்கள். தங்கும் அறை எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கழிப்பறை மேற்கத்திய முறையா என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி. முன்பணத்தில் எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று ஒரு வரி; இந்த வயதில் கடைசி நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போவது சாதாரணம். இப்படி ஒரு நோட்டீஸை அந்தக் கடை காப்பியடித்தால், அதன்படி நடந்தாக வேண்டிய பொறுப்பையும் சேர்த்துத்தான் காப்பியடிக்க முடியும்.

வாரிசுச் சான்றிதழும் சிம் மாற்றமும் இந்த மாதமே ஆகட்டும். அந்தக் கடைக்கான வழக்கறிஞர் நோட்டீஸ் அதன் பின்னாலேயே போகலாம். அதற்கு முன் ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், அந்த போர்டைத் தேதி தெரியும்படி படமெடுத்து, '1998 முதல்' என்று அச்சடித்த நோட்டீஸ்களில் ஒன்றிரண்டை வாங்கி வையுங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் அவர்கள் கைக்குக் கிடைத்த மறுநாள் அந்த வாசகம் அங்கே இருக்காது.